மில்லோடு நடந்த மெயில் பேச்சு: எது முடிந்தது, எது இன்னும் பாக்கி?

நூல்கணக்கு:
வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஒரு நூல் மில்லோடு அவர் பாதி பேசி வைத்த மெயில்கள் இப்போது என் கையில். "எதெல்லாம் முடிந்தது, எதெல்லாம் பாக்கி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடும்மா, அப்புறம் பிஓ போடலாம்" என்கிறார் முதலாளி. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. மெயில்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சாரத்தை மட்டும் கீழே தருகிறேன்.

ஜூன் 3, நாங்கள்: 30ஆம் நம்பர் கோம்ப்டு ஹோசியரி நூல் 12 டன் வேண்டும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் மாதத்துக்கு 4 டன். கடன் 60 நாள். லேட் ஆனால் வாரத்துக்கு அரை சதவீதம் கழிப்போம்.

ஜூன் 5, மில்: கிலோ 268. கடன் 30 நாள். லாரி வாடகை உங்களுடையது. தரப் புகார் எதுவானாலும் நிட்டிங் போடும் முன்பே சொல்ல வேண்டும்.

ஜூன் 9, நாங்கள்: 262 கொடுத்தால் கடனை 45 நாளாகக் குறைத்துக்கொள்கிறோம். வாடகை மில் பொறுப்பு. சாயம் போட்ட பிறகு துணியில் பட்டை பட்டையாகத் தெரிந்தாலும் புகாரை ஏற்க வேண்டும்.

ஜூன் 11, ஏஜென்ட்: மில்லில் பேசிவிட்டேன். 262 ஓகே, 45 நாள் ஓகே.

ஜூன் 12, மில் மார்க்கெட்டிங்: எங்கள் 9ஆம் தேதி மெயிலுக்குள்ளேயே வரிக்கு வரி சிவப்பில் பதில். விலைக்குப் பக்கத்தில் "ஜூலை லாட்டுக்கு 262 கன்ஃபர்ம்". புகாருக்குப் பக்கத்தில் "நோட்டட்". வாடகைக்குப் பக்கத்தில் "போனில் பேசியபடி". கடன் நாள் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

ஜூன் 16, மில் அக்கவுண்ட்ஸ்: 30 நாளுக்கு மேல் போனால் 18 சதவீத வட்டி, கன்ஃபர்ம் செய்யவும்.

ஜூன் 18, நாங்கள்: நன்றி, அக்ரிமென்ட் டிராஃப்ட் அனுப்புங்கள்.

ஜூன் 20, மில்: டிராஃப்ட் இணைத்திருக்கிறோம். மற்றதெல்லாம் சரி. பிஓ அனுப்புங்கள்.

அந்த டிராஃப்டில் 12 டன், கிலோ 262 என்றுதான் இருக்கிறது. எந்த மாதத்துக்கு என்று இல்லை. கடன் "இரு தரப்பும் பேசியபடி". அளவு 5 சதவீதம் கூடலாம், குறையலாம். லேட் கழிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதில் எதை முடிந்தது என்று எழுதுவது?

ஸ்டாம்ப்பேப்பர்:
இதில் குழம்ப ஒன்றுமில்லை. அக்ரிமென்ட் கையெழுத்து ஆகும் வரை எதுவும் முடிந்ததாகாது. மெயிலெல்லாம் வெறும் பேச்சு. எல்லாமே பாக்கி என்று எழுதிவிடுங்கள், முதலாளியும் சந்தோஷப்படுவார்.

ஈரோட்டுக்காரி:
நல்ல சப்ளையர் அக்ரிமென்ட் மாதிரி ஒன்று என்னிடம் வேர்டு ஃபைலாக இருக்கிறது. 14 பக்கம். மெயில் ஐடி கொடுத்தால் அனுப்புகிறேன்.

நூல்கணக்கு:
நன்றி அக்கா, ஆனால் மாதிரி வேண்டாம். ஏற்கெனவே பேசி வைத்ததைப் பிரித்துப் படிப்பதுதான் என் சிக்கல்.

பழையபேரேடு:
முதலில் ஸ்டாம்ப்பேப்பர் சாருக்கு ஒரு பதில். கையெழுத்து இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பது சரியில்லை. டிரைமெக்ஸ் - வேதாந்தா அலுமினியம் வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் வாங்கும் பேச்சு. 5 கப்பல் லோடு, விலை, எல்லாம் மெயிலிலேயே பேசி "சரி" சொல்லியாகிவிட்டது. முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லையே என்று ஒரு தரப்பு வாதாடிப் பார்த்தது. முக்கிய விஷயங்களில் ஒத்துப்போனது மெயிலிலேயே தெரிகிறது, எனவே ஒப்பந்தம் உண்டு என்றுதான் தீர்ப்பு வந்தது. அதனால் "எல்லாம் பாக்கி" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன் மேடம். தேதி வாரியாக மெயிலைப் படிப்பதை ஒரு தடவையோடு நிறுத்திவிடுங்கள். இரண்டாம் தடவை விஷயம் வாரியாகப் படிக்க வேண்டும். ஒரு தாளில் விலை, அளவு, கடன், வாடகை, புகார், லேட் கழிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் அதைப் பற்றிக் கடைசியாக யார் என்ன கேட்டார், அதற்குப் பிறகு எதிர்த்தரப்பில் சரி சொல்லும் உரிமை உள்ளவர் "ஆனால்", "என்றால்" இல்லாமல் சரி சொன்னாரா என்று மட்டும் பாருங்கள். சொல்லியிருந்தால் முடிந்தது. இல்லையென்றால் பாக்கி. இது என் சொந்த விதி இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவே அதுதான், ஏற்பு முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் முதலில் விழுவது ஏஜென்ட் மெயில். அவர் ஓகே சொன்னது மில் ஓகே சொன்னதாகாது. மில் சார்பில் ஒத்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று மில் எங்காவது எழுதியிருந்தால் தவிர.

நூல்கணக்கு:
அப்படி எங்கும் இல்லை. அடுத்த நாள் மில் மெயிலில் விலை மட்டும் வந்தது, அதுவும் ஜூலைக்கு மட்டும்.

பழையபேரேடு:
அதேதான். நீங்கள் கேட்டது 12 டன்னுக்கு 262. அவர்கள் சரி சொன்னது 4 டன்னுக்கு. மீதி 8 டன்னுக்கு அது ஏற்பு ஆகாது, புதிதாக ஒரு எதிர்ப்பேச்சு. மாசம் பிறந்தால் நூல் விலையை மாற்றுகிற ஊரில் மில்காரர் தெரியாமல் அந்த வார்த்தையைப் போட்டிருக்க மாட்டார்.

கோவைப்பம்ப்:
எங்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். பம்ப் கேசிங்குக்கு வார்ப்பு வாங்குகிறோம். ஃபவுண்டரிக்காரர் "ரேட் கன்ஃபர்ம்" என்று மெயில் போட்டார். மூன்று மாதம் கழித்து பிக் அயர்ன் ஏறிவிட்டது, பழைய ரேட் அந்த லாட்டுக்கு மட்டும்தான் என்றார். தேடிப் பார்த்தால் "கன்ஃபர்ம்" மட்டும் இருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று யாருமே எழுதவில்லை. இப்போதெல்லாம் விலைக்கு ஒரு ஃபார்முலா போட்டு, எந்தத் தேதி மார்க்கெட் ரேட் என்பதுவரை எழுதி வாங்குகிறோம். நூலுக்கு அப்படி ஏதாவது உண்டா?

பழையபேரேடு:
பஞ்சு விலையோடு கட்டிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் 12 டன் ஆர்டருக்கு எந்த மில்லும் உட்கார்ந்து ஃபார்முலா பேசாது. மேடம் கேஸை விட்டு விலகுகிறோம்.

இன்னொன்று. ஜூன் 16 அக்கவுண்ட்ஸ் மெயிலைத் திறந்து, அது எந்த மெயிலுக்குப் பதிலாக வந்தது என்று அடியில் பாருங்கள். 12ஆம் தேதி மெயிலுக்கா, அல்லது பழைய ஜூன் 5 மெயிலுக்கா?

நூல்கணக்கு:
பார்த்தேன் சார். அடியில் ஜூன் 5 மெயில்தான் இருக்கிறது. 9ஆம் தேதி நாங்கள் கேட்ட 45 நாள் அதில் இல்லவே இல்லை. சப்ஜெக்டையும் மாற்றியிருக்கிறார்கள், அதனால் ஜிமெயிலில் தனி உரையாடலாகக் கிடந்தது. தேடித்தான் எடுத்தேன்.

பழையபேரேடு:
அப்படியென்றால் அந்த அக்கவுண்ட்ஸ்காரர் 45 நாள் பேச்சையே பார்க்காமல் எழுதியிருக்கலாம். அதை மில்லின் மறுப்பு என்றும் எடுக்க முடியாது, விட்டுவிடவும் முடியாது. தாளில் கடன் நாள் வரியில் இப்படி எழுதுங்கள்: நாங்கள் 45, மார்க்கெட்டிங் பதில் இல்லை, அக்கவுண்ட்ஸ் 30, டிராஃப்டில் "பேசியபடி". பாக்கியிலேயே பெரிய பாக்கி இதுதான். "பேசியபடி" என்று எழுதினால், பேசி முடித்தது ஒன்று எங்காவது இருக்க வேண்டும். இங்கே இல்லை.

சப்ஜெக்ட் மாறினால் ஜிமெயில் உரையாடலைப் பிரித்துவிடும், 100 மெயிலைத் தாண்டினாலும் பிரிக்கும். அதனால் இழையை மட்டும் திறந்து படித்துவிட்டு முடிவு பண்ணாதீர்கள். மில்லின் டொமைனைப் போட்டு, தேதி வைத்து, இணைப்பு உள்ளதை மட்டும் இன்னொரு தடவை தேடுங்கள். ஜிமெயிலில் இப்படி:

```
from:(@மில்-டொமைன்) after:2025/06/01 before:2025/07/01
from:(@மில்-டொமைன்) has:attachment
```

டொமைன் இடத்தில் அவர்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன் இருந்தவரின் அனுப்பிய பெட்டியிலும் தேட வேண்டும். முக்கியமான ஒரு "சரி" அவர் பக்கத்திலிருந்தே போயிருக்கலாம்.

மில்வாசல்:
நான் எதிர்ப்பக்கம். ஒரு மில்லில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன், இந்த மில் இல்லை. ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். "நோட்டட்" என்று நாங்கள் போட்டால் படித்தோம் என்று மட்டும்தான் அர்த்தம். பட்டை அடிக்கும் விஷயத்தில் எந்த மில்லும் மெயிலில் லேசாகச் சரி சொல்லாது.

நூல்கணக்கு:
அதுதான் சார் எங்களுக்கு முக்கியமே. நிட்டிங் முடிந்து சாயம் போட்ட பிறகுதானே பட்டை தெரியும்? அதற்கு முன்பே புகார் சொல்லு என்றால் எப்படிச் சொல்வது?

மில்வாசல்:
உங்கள் நியாயம் புரிகிறது. வேறு வேறு பஞ்சு மிக்சிங்கில் வந்த நூல் ஒரே துணியில் கலந்தால் சாயம் ஒரே மாதிரி ஏறாது, அங்கே பட்டை தெரியும். கோனைக் கையில் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் எங்கள் பக்கமும் ஒன்று உண்டு. எங்கள் லாட்டில் பாதியும் இன்னொரு மில் லாட்டில் பாதியும் போட்டு நிட்டிங் பண்ணிவிட்டு பழியை எங்கள் மேல் போடுகிற பார்ட்டிகளும் இருக்கிறார்கள். அதனால்தான் நிட்டிங்குக்கு முன் என்று எழுதி வைக்கிறோம். லாட் கலக்காமல் ஓட்டினோம் என்று காட்டினால் சாயத்துக்குப் பிறகும் ஏற்கலாம், இத்தனை நாளுக்குள் என்று ஒரு எல்லையும் போடலாம். இப்படிக் கேட்டால் பேச்சு நகரும். "எப்போது சொன்னாலும் ஏற்க வேண்டும்" என்று கேட்டால் நோட்டட்தான் வரும்.

வாடகையில் "போனில் பேசியபடி" என்று இருக்கிறதே, அதில் கவனமாக இருங்கள். அந்தப் போனைப் பேசிய இருவரில் ஒருவர் இப்போது உங்கள் கம்பெனியில் இல்லை.

நூல்கணக்கு:
அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மில் தரேன்னு சொன்ன மாதிரி ஞாபகம்" என்றார். மாதிரி!

ஸ்டாம்ப்பேப்பர்:
டிரைமெக்ஸ் தீர்ப்பைப் படித்தேன். பழையபேரேடு சொல்வது சரி, ஆனால் அங்கே முக்கியமானதெல்லாம் பேசி முடிந்திருந்தது. இங்கே எட்டு டன்னுக்கு விலையே இல்லை, கடன் நாள் இல்லை. இதை ஒப்பந்தம் என்று சொல்ல முடியுமா? 29ஆம் பிரிவில், என்ன அர்த்தம் என்று நிச்சயப்படுத்த முடியாத ஒப்பந்தம் செல்லாது என்றே இருக்கிறதே. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழையபேரேடு:
இதில் நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். மொத்த 12 டன்னுக்கும் ஒப்பந்தம் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஜூலை 4 டன் தனியாக நிற்குமா என்பது வேறு கேள்வி. விலை, அளவு, மாதம் மூன்றும் அதில் முடிந்திருக்கின்றன. முக்கியமானதில் கடன் நாள் மட்டும் பாக்கி. நிற்கும் என்பது என் கட்சி. கோர்ட் வரைக்கும் போகிற தொகை இது இல்லை, அதனால் நமக்குள் சண்டை வேண்டாம்.

ஆர்ட்டிகிள்ஷிப்:
சிஏ படிக்கிறேன். கடன் நாளில் ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அந்த மில் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமா என்று பாருங்கள். ஆம் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கடன் செல்லாது. எம்எஸ்எம்இ சட்டம் 15ஆம் பிரிவு. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள். முதல் மெயிலில் கேட்ட 60 நாளெல்லாம் பேசவே முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி.

மில்வாசல்:
நூல் மில் எல்லாம் பெரும்பாலும் சிறு நிறுவனத்தில் வராது தம்பி. 2025 ஏப்ரலிலிருந்து சிறு என்பதற்கு விற்றுமுதல் எல்லை 100 கோடி. ஓரளவு ஓடுகிற மில்லே அதைத் தாண்டிவிடும். நடுத்தரத்துக்கு இந்த 15ஆம் பிரிவு கிடையாது.

ஆர்ட்டிகிள்ஷிப்:
தாண்டும் என்பது ஊகம்தானே சார். இன்வாய்ஸில் அல்லது லெட்டர்ஹெட்டில் உத்யம் எண் இருந்தால் அதை உத்யம் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் வகை தெரிந்துவிடும். மேடம் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம்.

நூல்கணக்கு:
லெட்டர்ஹெட்டில் உத்யம் எண் இருக்கிறது, சான்றிதழ் கேட்டிருக்கிறேன். அதுவரை கடன் நாள் வரியில் "சான்றிதழ் வந்தபின்" என்று ஒரு குறிப்பு.

இப்போது டிராஃப்ட் விஷயம். அதில் 12 டன்னுக்கும் 262 என்று அவர்களே போட்டிருக்கிறார்களே. 12ஆம் தேதி மெயிலுக்குப் பிறகு வந்தது அது. அப்படியானால் மில்லே மூன்று மாதத்துக்கும் 262 கொடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? முதலாளி இதைப் பார்த்ததும் "சத்தம் போடாமல் 12 டன்னுக்குப் பிஓ அடிச்சிரு" என்கிறார்.

பழையபேரேடு:
எழுத்தில் பார்த்தால் டிராஃப்ட் மில்லின் புதிய முன்மொழிவு, பின்னால் வந்ததால் முன்னால் சொன்னதை அது மாற்றுகிறது. அதை அப்படியே ஏற்றுப் பிஓ அனுப்பினால் உங்கள் கை வலுவாக இருக்கும். "மற்றதெல்லாம் சரி" என்ற வரியையும் உங்கள் பக்கம் இழுக்கலாம். ஆனால் எச்சரிக்கை, அந்த வரி இரண்டு பக்கமும் வெட்டும். டிராஃப்டை அப்படியே ஏற்றால் 5 சதவீத ஏற்ற இறக்கத்தையும் ஏற்கிறீர்கள், லேட் கழிவு இல்லாததையும் ஏற்கிறீர்கள். 12 டன்னில் 5 சதவீதம் 600 கிலோ. 262க்கு வாங்கினால் ஒன்றரை லட்சத்துக்கு மேல். விலை இறங்கும் மாதத்தில் அந்த 600 கிலோவைக் கூடுதலாகத் தள்ளுவார்கள், ஏறும் மாதத்தில் குறைத்து அனுப்புவார்கள்.

மில்வாசல்:
சத்தம் போடாமல் அடிக்கும் யோசனைக்கு நான் எதிர்ப்பு. ஆகஸ்டில் விலை 270 போனால் மில் "டைப்பிங் மிஸ்டேக், 12ஆம் தேதி மெயிலைப் பாருங்கள்" என்று சொல்லும், ஆகஸ்ட் லாட் வெளியே வராது. சட்டத்தில் யார் ஜெயிப்பார் என்பது அப்புறம். நூல் வராமல் உங்கள் நிட்டிங் நின்றால் அந்த வாரமே பையர் ஷிப்மென்ட் தவறிவிடும்.

கோவைப்பம்ப்:
எங்களுக்கு நடந்ததே அதுதான். அசெம்பிளி நின்றது. அப்புறம் கூடுதல் ரேட் கொடுத்துத்தான் வாங்கினோம்.

பழையபேரேடு:
நானும் மறைத்து அடிக்கச் சொல்லவில்லை. பிஓ போடும் முன் ஒரு மெயில் போடுங்கள். அதில் உங்கள் தாள் இரண்டு பகுதியாக இருக்கட்டும். முடிந்தவை என்று நாம் நினைப்பவை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தத் தேதி மெயில் என்று. பாக்கி உள்ளவை, ஒவ்வொன்றுக்கும் உங்கள் முன்மொழிவு ஒன்று. கடைசியில் "பதில் வந்த பிறகே பிஓ" என்று. பதில் வராவிட்டால் ஏற்றதாகக் கருதுவோம் என்று மட்டும் எழுதாதீர்கள், மௌனத்தை ஏற்பு என்று நாமாக ஆக்க முடியாது.

நூல்கணக்கு:
எழுதிப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள்.

முடிந்தவை: 30ஆம் நம்பர் கோம்ப்டு ஹோசியரி. ஜூலை 4 டன், கிலோ 262 (ஜூன் 12 மெயில்). இவ்வளவுதான் என் கணக்கில் வந்தது.

பாக்கி: ஆகஸ்ட், செப்டம்பர் விலை. டிராஃப்டில் 262 என்று இருப்பதை மூன்று மாதத்துக்கும் உறுதி செய்யவும். கடன் 45 நாள், லோடு வந்த நாளிலிருந்து. லாரி வாடகை மில் பொறுப்பு, கம்பெனி வாசல் வரை. லாட் கலக்காமல் ஓட்டியிருந்தால் சாயம் போட்ட பிறகும் தரப் புகார், லோடு வந்து 30 நாளுக்குள். லேட் கழிவு வாரம் அரை சதவீதம், அதிகபட்சம் 5 சதவீதம். அளவு ஏற்ற இறக்கம் 2 சதவீதத்துக்குள்.

பழையபேரேடு:
நல்லா இருக்கு. ஒரு திருத்தம். நூல் வகையையும் மில் பக்கத்திலிருந்து யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் கேட்டதற்கு விலை சொன்னார்கள் சரி, டிராஃப்டில் கோம்ப்டா, கார்டடா?

நூல்கணக்கு:
டிராஃப்டில் "30ஆம் நம்பர் ஹோசியரி நூல்" என்று மட்டும் இருக்கிறது. கோம்ப்டு என்ற வார்த்தை இல்லை.

மில்வாசல்:
262க்கு மலிவான கார்டட் நூலைக் கொடுத்தால் மில்லுக்கு லாபம் அதிகம். வேண்டுமென்றே விட்டார்களா, விட்டது தெரியாதா, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பாக்கிப் பக்கத்தில் அதை முதல் வரியாகப் போடுங்கள்.

நூல்கணக்கு:
போட்டுவிட்டேன். இன்று மாலை மெயில் போகிறது. இணைப்பில் டிராஃப்டையும் திருத்தம் தெரியும்படி வைத்திருக்கிறேன். அக்கவுண்ட்ஸ் ஆளையும் மார்க்கெட்டிங் ஆளையும் ஒரே மெயிலில் சேர்த்திருக்கிறேன், இரண்டு பேரும் கடன் நாளை இரண்டு விதமாகச் சொல்லக் கூடாது என்று. ஏஜென்ட்டைச் சேர்க்கலாமா என்பதில்தான் முதலாளிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

ஸ்டாம்ப்பேப்பர்:
சேர்க்க வேண்டாம்.

மில்வாசல்:
சேர்த்துவிடுங்கள். அவரை விட்டுவிட்டுப் போன மெயிலுக்கு எங்கள் ஊரில் பதில் வர ஒரு வாரம் ஆகும்.